இரண்டு ‘மீடியம்’ சேர்ந்தால் என்ன? பென்டெஸ்ட் அறிக்கை எழுதும் முறை

நிறுவனத்தின் அனுமதியோடு அதன் தளத்தைத் திருடனைப் போலத் தாக்கிப் பார்த்துக் குறைகளைக் கண்டுபிடிக்கும் ஊடுருவல் சோதனை, அதாவது பென்டெஸ்ட், முடிந்த பிறகு வாடிக்கையாளர் கையில் மிஞ்சுவது ஒரு பிடிஎஃப் கோப்புதான். எட்டு நாள் ராத்திரி பகலாகச் சோதித்தது, கண்டுபிடித்தது எல்லாம் அந்தக் கோப்பில் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் பயன்படும்.

அந்தக் கோப்பை யாரும் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிப்பதில்லை. மேலாளர் முதல் இரண்டு பக்கங்களோடு நிறுத்திக்கொள்வார். டெவலப்பர் தன் பெயருக்கு ஒதுக்கப்பட்ட குறையை மட்டும் திறப்பார். தணிக்கையாளர் எதைச் சோதித்தீர்கள், எந்தத் தேதியில் சோதித்தீர்கள் என்று பார்ப்பார். ஆறு மாதம் கழித்து மறுசோதனைக்கு வருபவர், முதலில் கண்டதை மறுபடி செய்து காட்டும் படிகளைத் தேடுவார். அறிக்கையின் பகுதிகள் இப்படித் தனித்தனியாகப் பிரிந்து கிடப்பதற்குக் காரணம் இந்த வாசகர்கள்தான். எந்தப் பகுதியை யார் படிக்கிறார் என்பது தெரிந்துவிட்டால் அதில் எதை எழுத வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். நிறுவனம் கற்பனை, குறைகள் இரண்டும் இணையத்தளச் சோதனைகளில் அடிக்கடி தட்டுப்படும் வகை.

எடுத்துக்காட்டு

14 கிளைகள் கொண்ட ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்று. ரத்தம் கொடுத்தவரின் கைபேசி எண்ணில் ஒரு கணக்கு தானாக உருவாகிறது. அவர் இணையத்தளத்துக்குப் போய், ஓடிபி போட்டு நுழைந்து, ரிசல்ட்டை பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்கிறார். (இந்தக் கட்டுரை முழுக்க ‘ரிசல்ட்’ என்றால் நோயாளியின் பரிசோதனை முடிவு, ‘அறிக்கை’ என்றால் பென்டெஸ்ட் அறிக்கை.)

சோதனையில் சின்னதும் பெரியதுமாகப் பல குறைகள் கிடைக்கின்றன. அவற்றில் இரண்டு நமக்கு முக்கியம்.

முதலாவது, ரிசல்ட்டை இறக்கும் முகவரியில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணை ஒன்று கூட்டினால் வேறொருவரின் ரிசல்ட் வருகிறது. கேட்பவர் உள்ளே நுழைந்தவரா என்று சர்வர் பார்க்கிறது. கேட்கும் ரிசல்ட் அவருடையதா என்று பார்ப்பதில்லை.

இரண்டாவது, ஓடிபி நான்கு இலக்கம், ஆயுள் 10 நிமிடம், தவறாகப் போட்டால் எண்ணிக்கை வரம்பு எதுவும் இல்லை. நான்கு இலக்கத்தில் மொத்தம் 10,000 சேர்க்கைகள்தான் இருக்க முடியும். நொடிக்கு 20 வீதம் அனுப்பினால் 500 நொடியில், அதாவது 8 நிமிடம் 20 நொடியில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். ஓடிபி காலாவதியாகும் முன்பே கதவு திறந்துவிடும்.

பாதுகாப்புக் குறைகளின் தீவிரத்தைப் பத்துக்கு இத்தனை என்று அளக்கும் முறை சிவிஎஸ்எஸ். இந்த இரண்டுக்கும் சிவிஎஸ்எஸ் 3.1 முறையில் மதிப்பெண் போட்டால் இப்படி வரும்:

```
ரிசல்ட் எண்  : CVSS:3.1/AV:N/AC:L/PR:L/UI:N/S:U/C:H/I:N/A:N  = 6.5
ஓடிபி        : CVSS:3.1/AV:N/AC:L/PR:N/UI:N/S:U/C:L/I:L/A:N  = 6.5
```

4.0 முதல் 6.9 வரை ‘மீடியம்’. ஆக இரண்டுமே மீடியம். கணக்கில் பிழை இல்லை. முதல் குறைக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு வேண்டும் (`PR:L`), அதனால் மதிப்பெண் குறைகிறது. இரண்டாவதற்குக் கணக்கு தேவையில்லை (`PR:N`). ஆனால் ஒரு நேரத்தில் ஒரு நோயாளியின் கணக்குதான் சிக்குகிறது, அதனால் பாதிப்பு குறைவு (`C:L`, `I:L`).

இப்போது இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு நோயாளியின் கைபேசி எண் தெரிந்த வெளியாள், எட்டரை நிமிடத்துக்குள் அவர் கணக்கில் நுழைகிறார். நுழைந்ததும் எண்ணை மாற்றி மாற்றி எல்லாருடைய ரிசல்ட்டையும் இறக்குகிறார். முதல் குறைக்குத் தடையாக இருந்த ‘கணக்கு வேண்டும்’ என்ற நிபந்தனையை இரண்டாவது குறை தூக்கிவிட்டது. இரண்டாவதைக் கட்டுப்படுத்திய ‘ஒரு நோயாளி மட்டும்’ என்ற எல்லையை முதலாவது உடைத்துவிட்டது.

```
இரண்டும் சேர்ந்து : CVSS:3.1/AV:N/AC:L/PR:N/UI:N/S:U/C:H/I:L/A:N  = 8.2
```

8.2 என்றால் ‘ஹை’. குறைகளைத் தானாகத் தேடும் ஸ்கேனர் கருவி இந்தக் கூட்டலைச் செய்யாது. மனிதர்தான் செய்ய வேண்டும். குறைகளைத் தனித்தனி வரிகளாக அட்டவணையில் போட்டுவிட்டுப் போனால், மேலாளர் இரண்டு மஞ்சள் நிறப் பெட்டிகளைப் பார்ப்பார், அடுத்த காலாண்டுக்குத் தள்ளிவைப்பார். அது அவர் தவறல்ல, நாம் கொடுத்த தாள் அவரிடம் அப்படித்தான் சொன்னது.

முதல் தாள்கள்

அட்டைப் பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தலைப்பு, தேதி, பதிப்பு எண், யாருக்கெல்லாம் அனுப்பப்பட்டது, ‘ரகசியம்’ என்ற குறிப்பு. பதிப்பு எண்ணை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். வரைவு, இறுதி, மறுசோதனைக்குப் பின் என்று மூன்று பதிப்புகளாவது உலவும். டெவலப்பர் வரைவை வைத்துக்கொண்டும் மேலாளர் இறுதிப் பதிப்பை வைத்துக்கொண்டும் ஒரே கூட்டத்தில் பேசினால் குறை எண்கள் ஒத்துப்போகாது. அதற்காகவே, வரைவில் கொடுத்த குறை எண்ணை இறுதிவரை மாற்றக் கூடாது. ஒரு குறை நீக்கப்பட்டால் அந்த எண்ணைக் காலியாக விட்டுவிடுங்கள்.

நிர்வாகச் சுருக்கம்

இது ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரை. அறிக்கையில் முதலில் வந்தாலும் கடைசியில் எழுத வேண்டியது இதைத்தான். விவரமான குறைகளை எழுதி முடித்த பிறகே எது எதோடு சேர்கிறது என்பது நமக்கே தெளிவாகும்.

வழக்கமாகப் பார்க்கக் கிடைக்கும் சுருக்கம் இப்படி இருக்கும்:

> “இணையத்தளத்தின் பாதுகாப்பு நிலையை மதிப்பிடும் நோக்கில் இந்தச் சோதனை மேற்கொள்ளப்பட்டது. மொத்தம் 23 குறைகள் கண்டறியப்பட்டன. ஹை 0, மீடியம் 9, லோ 14. உடனடியாகச் சரிசெய்யப் பரிந்துரைக்கப்படுகிறது.”

கீழே ஒரு வட்ட விளக்கப்படமும் இருக்கும். இதைப் படித்த மேலாளருக்கு என்ன தெரிந்தது? 23 என்பது நிறையவா குறைச்சலா? ஹை ஒன்றும் இல்லை என்றால் நிம்மதிதானே? ‘உடனடியாக’ என்றால் இன்றா, இந்த மாதமா? எண்ணிக்கையை வைத்து அவர் எந்த முடிவும் எடுக்க முடியாது. அதே எட்டு நாள் வேலையை இப்படி எழுதிப் பார்க்கலாம்:

> “மார்ச் 3 முதல் 12 வரை, எட்டு வேலை நாட்கள், இரண்டு பேர் உங்கள் நோயாளிகள் தளத்தைச் சோதித்தோம். ஒரு நோயாளியின் கைபேசி எண் மட்டும் தெரிந்த வெளியாள், உங்கள் பணியாளர் யாருடைய உதவியும் இல்லாமல், பத்து நிமிடத்துக்குள் அவர் கணக்கில் நுழைந்து, அங்கிருந்து மற்ற நோயாளிகளின் ரிசல்ட்டுகளையும் இறக்க முடியும். இரண்டு தனித்தனிக் குறைகள் (எண் 1, எண் 2) சேர்வதால் இது நடக்கிறது.
>
> சோதனைக் கணக்குகளில் இதை முழுமையாகச் செய்து பார்த்தோம். ரிசல்ட் எண்கள் வரிசையாக இருப்பதால் தளத்தில் உள்ள எல்லா ரிசல்ட்டுகளுக்கும் இது பொருந்தும் என்று கருதுகிறோம். ஆனால் நோயாளிகளின் தனியுரிமை கருதி ஐந்து எண்களுக்கு மேல் திறந்து பார்க்கவில்லை.
>
> நீங்கள் எடுக்க வேண்டிய முடிவுகள் மூன்று. ஒன்று, ஓடிபிக்குத் தவறு எண்ணிக்கை வரம்பை இந்த வாரமே போட ஒப்புதல் தருவது. எங்கள் மதிப்பீட்டில் ஒரு டெவலப்பருக்கு ஒரு நாள் வேலை. இரண்டு, ரிசல்ட் உரிமைச் சோதனையை இரண்டு வாரத்துக்குள் முடிக்க ஆள் ஒதுக்குவது. அதுவரை ஒரு கணக்கு ஒரு நாளில் இறக்கக்கூடிய ரிசல்ட்டுகளுக்கு உச்சவரம்பு வைப்பது. மூன்று, இதற்கு முன் யாராவது இந்த வழியைப் பயன்படுத்தினார்களா என்று சர்வர் லாகுகளைப் பார்க்கச் சொல்வது.
>
> பணம் செலுத்தும் பகுதியிலும் கிளைப் பணியாளர் நுழைவிலும் பெரிய குறை காணப்படவில்லை. கைபேசிச் செயலி இந்தச் சோதனையில் சேரவில்லை.”

இதில் தொழில்நுட்பச் சொல் கிட்டத்தட்ட இல்லை. யார், எதைத் தெரிந்துகொண்டு, எவ்வளவு நேரத்தில், என்ன செய்ய முடியும் என்ற நான்கும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. செய்து பார்த்தது ஒரு பக்கமும் ஊகித்தது ஒரு பக்கமும் பிரிந்து நிற்கின்றன. இந்தப் பிரிப்பு மிக முக்கியம்: ‘எல்லா ரிசல்ட்டுகளும் கசியும்’ என்று ஒரே போடாகப் போட்டால், டெவலப்பர் ஒரு விதிவிலக்கைக் காட்டி மொத்த அறிக்கையையும் சந்தேகத்துக்குள்ளாக்கிவிடுவார்.

‘முடிவுகள் மூன்று’ என்ற பத்திதான் சுருக்கத்தின் உயிர். மேலாளரால் நிரல் எழுத முடியாது. ஆள் ஒதுக்குவது, பணம் ஒதுக்குவது, ஒரு வசதியைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது, ஆபத்தை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போடுவது ஆகியவைதான் அவர் கையில் உள்ள கருவிகள். பரிந்துரை இந்தக் கருவிகளில் ஒன்றாக மாறாவிட்டால் அது அவர் மேசையில் அப்படியே கிடக்கும். வேலை அளவை மதிப்பிட்டுச் சொல்லப் பலர் தயங்குவார்கள், உள்ளே இருக்கும் நிரல் நமக்குத் தெரியாதே என்று. தயக்கம் நியாயமானதுதான். வரைவுக் கூட்டத்தில் டெவலப்பரிடமே கேட்டுவிட்டு எழுதினால் போயிற்று.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நோயாளித் தகவல் என்றதும் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 250 கோடி ரூபாய் வரையிலான அபராதமும் நினைவுக்கு வரும். சுருக்கத்தில் அதைப் போட்டுப் பயமுறுத்தத் தோன்றும். வேண்டாம். சோதகர் வழக்கறிஞர் அல்ல. ‘நோயாளிகளின் மருத்துவத் தகவல் சம்பந்தப்பட்டிருப்பதால் சட்டப் பிரிவின் கருத்தைக் கேட்கவும்’ என்ற ஒரு வரி போதும்.

எதைச் சோதித்தோம், எதைச் சோதிக்கவில்லை

இந்தப் பகுதியைத் தணிக்கையாளர் படிப்பார். பிரச்சினை வந்தால் எல்லாரும் படிப்பார்கள். சோதித்த முகவரிகள், கொடுக்கப்பட்ட கணக்குகள் (நோயாளி இரண்டு, கிளைப் பணியாளர் ஒன்று), சோதனை நடந்த நேரம், நாங்கள் எந்த ஐபி முகவரிகளிலிருந்து வந்தோம் என்பவை இதில் வரும். ஐபி முகவரிகளைச் சேர்ப்பது சம்பிரதாயத்துக்காக அல்ல. பிறகு லாகைப் பார்ப்பவர், சந்தேகத்துக்குரிய வரிகளில் எவை சோதகருடையவை, எவை நிஜத் திருடனுடையவை என்று பிரிக்க அதுதான் எளிய வழி.

சோதிக்காததையும் காரணத்தோடு எழுத வேண்டும். ‘மார்ச் 6 மதியம் முதல் 7 மாலை வரை சோதனைத் தளம் இயங்கவில்லை; ஆகவே பில் திருத்தும் பகுதிக்கு ஒதுக்கிய நேரம் பாதியாகக் குறைந்தது’ என்பது போல. இது குற்றச்சாட்டாகத் தொனிக்குமோ என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. விட்டுவிட்டால், பில் பகுதியில் குறை எதுவும் எழுதப்படவில்லை என்பதை ‘பில் பகுதி பாதுகாப்பானது’ என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

ஒரு குறையை எழுதுவது

அறிக்கையின் பெரும்பகுதி இதுதான். எண் 1-ஐயே எழுதிப் பார்ப்போம்.

தலைப்பிலிருந்தே தொடங்குகிறது சிக்கல். ‘ரிப்போர்ட்ஸ் ஏபிஐயில் ஐடிஓஆர்’ என்று வைத்தால் சோதகருக்கும் டெவலப்பருக்கும் புரியும். ஆனால் குறைகளின் பட்டியலை மேலாளரும் புரட்டுவார். ‘ஒரு நோயாளி மற்றொரு நோயாளியின் ரிசல்ட்டைத் திறக்க முடிகிறது’ என்று வையுங்கள். வகைப்பெயரும் `CWE-639` என்ற எண்ணும் தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கட்டும்.

அடுத்து தீவிரம். இங்கே ஒரு நேர்மை தேவைப்படுகிறது. தனியாக 6.5 என்ற மதிப்பெண்ணை அப்படியே போட வேண்டும். அதை உயர்த்திக் காட்ட `PR` எழுத்தை மாற்றி விளையாடக் கூடாது. யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தால் பிடிபட்டுவிடும். அதன் பக்கத்தில் தனி வரியாக இப்படி எழுதலாம்: ‘இந்த நிறுவனத்துக்கான ஆபத்து: ஹை. காரணம், எண் 2-உடன் சேர்ந்தால் கணக்கு இல்லாதவரும் இதைப் பயன்படுத்தலாம். கூட்டு மதிப்பெண் 8.2.’ அடிப்படை மதிப்பெண் பொதுவான தொழில்நுட்ப அளவு, நிறுவனத்துக்கான ஆபத்து நம் தீர்ப்பு. இரண்டையும் காட்டி, ஏன் வேறுபடுகின்றன என்றும் சொல்லிவிட்டால் வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

பிறகு மறுபடி செய்து காட்டும் படிகள். இதை முதல்முறை படிக்கும் டெவலப்பர், நம்மைத் தொலைபேசியில் கூப்பிடாமலே செய்து பார்க்க வேண்டும்.

```
1. நோயாளி-அ கணக்கில் நுழையவும்.
2. தன் ரிசல்ட்டைத் திறக்கவும் (எண் 48213).
3. அதே அமர்வில் எண்ணை 48214 (நோயாளி-ஆ) என மாற்றி அனுப்பவும்:

GET /api/v1/reports/48214/pdf HTTP/1.1
Host: portal.example.com
Cookie: session=********

கிடைத்தது         : 200 OK, நோயாளி-ஆ-வின் பிடிஎஃப்
கிடைத்திருக்க வேண்டியது : 403 அல்லது 404
```

கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை. அது இருந்தால்தான் சரிசெய்த பிறகு எதைப் பார்த்து ‘முடிந்தது’ என்று சொல்வது என்பது தெரியும்.

ஸ்க்ரீன்ஷாட் போடும்போது ஓர் எச்சரிக்கை. உண்மையான நோயாளியின் பெயர் தெரியும் படத்தை மங்கலாக்கி ஒட்டுவது போதாது. மங்கலாக்கிய எழுத்தை ஓரளவுக்கு மீட்டெடுக்கும் கருவிகள் உண்டு. பிடிஎஃப்பின் மேல் கறுப்புப் பெட்டி வரைவது இன்னும் மோசம், பெட்டிக்கு அடியில் எழுத்து அப்படியே இருக்கும்; இழுத்து நகலெடுத்தால் வந்துவிடும். படத்திலேயே அந்த இடத்தை முழுக் கறுப்பால் நிரப்பிச் சேமித்து, அந்தப் படத்தை ஒட்ட வேண்டும். கசிவைச் சுட்டிக்காட்டும் அறிக்கையே கசிவாக மாறினால் அதைவிட அவமானம் வேறில்லை.

இப்போது பரிந்துரை. சோதகர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ‘முறையான அனுமதிச் சோதனையைச் செயல்படுத்தவும்’ என்று எழுதினால் அது பரிந்துரை அல்ல, குறையையே திருப்பிச் சொன்னதுதான். ‘எண்ணுக்குப் பதிலாக ஊகிக்க முடியாத நீண்ட அடையாளத்தைப் பயன்படுத்தவும்’ என்று எழுதுவது அதைவிட ஆபத்து. பூட்டு போடாமல் வீட்டு முகவரியை மறைப்பது போன்றது அது. நீண்ட அடையாளம் வாட்ஸ்அப்பில் பகிரப்படும், பிரவுசர் வரலாற்றில் தங்கும், லாகில் பதியும். கையில் கிடைத்தவர் திறந்துவிடுவார்.

சரியான தீர்வு, கேட்கும் கணக்குக்கு அந்த ரிசல்ட்டைப் பார்க்க உரிமை உண்டா என்று ஒவ்வொரு முறையும் சர்வர் சரிபார்ப்பது. இதிலும் ஒரு பொறி இருக்கிறது. ரிசல்ட்டில் உள்ள நோயாளியும் கணக்கின் நோயாளியும் ஒருவரேதானா என்று நேராக ஒப்பிட்டால், அப்பாவின் கைபேசி எண்ணிலேயே அம்மா, பிள்ளைகள், பாட்டி எல்லாருக்கும் ரத்தம் கொடுத்திருக்கும் வீடுகளில் ரிசல்ட் திறக்காது. புகார்கள் குவியும், இரண்டே நாளில் திருத்தத்தைத் திரும்பப் பெற்றுவிடுவார்கள், குறை பழையபடி வந்து உட்கார்ந்துவிடும். ஆகவே எந்தக் கணக்கு எந்தெந்த நோயாளிகளைப் பார்க்கலாம் என்ற தொடர்பு அட்டவணை வழியாகச் சோதிக்கச் சொல்ல வேண்டும்:

```sql
SELECT r.pdf_path
FROM reports r
JOIN account_patients ap
  ON ap.patient_id = r.patient_id
WHERE r.id = ? AND ap.account_id = ?;
```

இரண்டாவது கேள்விக்குறிக்கான மதிப்பு சர்வரில் உள்ள அமர்விலிருந்து வர வேண்டும், பயனர் அனுப்பும் கோரிக்கையிலிருந்து அல்ல. இதையும் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். ரிசல்ட் எண்ணை வாங்கும் எல்லா முகவரிகளிலும் இந்தச் சோதனை வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒன்றில் மட்டும் போட்டுவிட்டு விட்டுவிடுவது சாதாரணமாக நடப்பது.

எண் 2-க்கும் இதே கவனம் வேண்டும். ஓடிபியை ஆறு இலக்கமாக்கினால் போதும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு இலக்கத்தில் 10 லட்சம் சேர்க்கைகள். 10 நிமிடத்தில், நொடிக்கு 20 வீதம், 12,000 முயற்சிகள். வெற்றி வாய்ப்பு 1.2 சதவீதம். ஆனால் ஓடிபி காலாவதியானதும் புதிதாக ஒன்றைக் கேட்டுத் திரும்பத் தொடங்கலாம். இப்படி நூறு முறை செய்தால் உள்ளே நுழைய ஏறத்தாழ 70 சதவீதம் வாய்ப்பு. ஒன்றன் பின் ஒன்றாக நூறு முறை என்பது 17 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே இலக்கத்தைக் கூட்டுவதோடு, ஐந்து தவறுக்குப் பிறகு அந்த ஓடிபியையே செல்லாததாக்க வேண்டும். ஒரு கைபேசி எண்ணுக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை ஓடிபி அனுப்பலாம் என்பதற்கும் வரம்பு வேண்டும். தவறுகளைக் கைபேசி எண்ணை வைத்து எண்ண வேண்டும். ஐபி முகவரியை வைத்து எண்ணினால் தாக்குபவர் முகவரியை மாற்றிக்கொண்டே போவார்.

இப்படிக் கணக்கோடு எழுதினால் ‘ஆறு இலக்கமாக்கிவிட்டோம், முடிந்தது’ என்ற பதில் வராது.

பரிந்துரைக்குக் கீழே மூன்று சின்ன வரிகள்: பொறுப்பு யார், எப்போதைக்குள், அதுவரை என்ன தற்காலிகத் தடுப்பு. பொறுப்பில் ‘ஐடி பிரிவு’ என்று போடாமல் ‘தளத்தின் பின்புல நிரலாக்கக் குழு’ என்று குறிப்பாகப் போடுங்கள். ஐடி பிரிவு என்றால் எல்லாரும். எல்லாரும் என்றால் யாருமில்லை.

மேலாளரின் முதல் கேள்வி

சுருக்கத்தைப் படித்து முடித்ததும் அவர் கேட்பது பெரும்பாலும் ‘இதை ஏற்கெனவே யாராவது செய்துவிட்டார்களா?’ என்பதுதான். பென்டெஸ்ட்டால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கதவு திறந்திருக்கிறது என்று சொல்லலாம், யார் வந்து போனார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கே தேடுவது என்று சொல்லலாம். ஒரே கணக்கு ஒரே நாளில் 20-க்கும் மேற்பட்ட வெவ்வேறு ரிசல்ட் எண்களை இறக்கிய வரிகள், ஒரே கைபேசி எண்ணுக்கு ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கில் தவறான ஓடிபி விழுந்த வரிகள். லாக் எவ்வளவு காலத்துக்கு இருக்கிறது என்பதையும் கேட்டு எழுதுங்கள். இந்தியாவில் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு 180 நாள் லாக் வைத்திருக்கச் சொல்கிறது.

சோதனையின் நடுவிலேயே வேறொருவர் புகுந்த தடயம் கண்ணில் பட்டால், அறிக்கை முடியும்வரை காத்திருப்பது பெருந்தவறு. அந்த உத்தரவின்படி நிறுவனம் சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். சோதனையை நிறுத்தி, ஒப்பந்தத்தில் குறித்த தொடர்பாளரைத் தொலைபேசியில் அழைப்பதுதான் வழி. மிகத் தீவிரமான குறைகளுக்கும் அப்படியே. அறிக்கையில் ‘மார்ச் 5, மாலை 4:20, தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது’ என்ற பதிவு மட்டும் இடம்பெறும்.

மீதி 21 குறைகள்

இரண்டைத் தவிர மற்றவை இருக்கின்றன அல்லவா? சர்வர் தன் பதிலோடு அனுப்ப வேண்டிய, ஆனால் விடுபட்ட பாதுகாப்பு ஹெடர்கள், பழைய ஜாவாஸ்கிரிப்ட் நூலகம், சர்வர் தன் பதிப்பு எண்ணை வெளியே காட்டுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினால் அறிக்கை 80 பக்கம் ஆகும்; எண் 1 அதில் மூழ்கிப்போகும். ஒரே ஆள் ஒரே கோப்பில் ஒரே நாளில் சரிசெய்யக்கூடியவற்றை ஒரே குறையாகக் கட்டிவிடுங்கள். ஆறு ஹெடர்கள் விடுபட்டிருந்தால் அது ஆறு குறையல்ல, ஒன்று.

ஸ்கேனர் சொன்னதை அப்படியே ஒட்டுவதில் வேறொரு வம்பும் உண்டு. உபுண்டு, ரெட் ஹாட் போன்ற லினக்ஸ் வெளியீடுகள் பாதுகாப்புத் திருத்தத்தைப் பழைய பதிப்புக்கே கொண்டுவந்து சேர்க்கும். மென்பொருளின் மூலப் பதிப்பு எண் மாறாது. ஸ்கேனர் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ‘அப்பாச்சியில் 12 குறைகள்’ என்று கத்தும். சர்வர் நிர்வாகி, உபுண்டு கொடுத்த மென்பொருள் பொட்டலத்தின் பதிப்பைக் காட்டி, இது போன மாதமே திருத்தப்பட்டது என்பார். அதற்குப் பிறகு எண் 1-ஐயும் அவர் அதே கண்ணால்தான் பார்ப்பார். செய்து பார்க்க முடியாததை எழுதியே ஆக வேண்டுமென்றால் ‘பதிப்பு எண்ணை வைத்துக் கருதியது, செய்து உறுதிப்படுத்தவில்லை’ என்று கூடவே குறிப்பிடுங்கள்.

கருவியின் முழு வெளியீடு தேவைப்படுபவர்களுக்கு அதைத் தனிக் கோப்பாகக் கொடுக்கலாம். அறிக்கைக் கோப்புகளைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி மின்னஞ்சலில் அனுப்பி, கடவுச்சொல்லை வேறு வழியில் சொல்வது நல்லது. ஒரே மின்னஞ்சலில் இரண்டையும் அனுப்பும் பழக்கம் இந்தத் தொழிலிலும் உண்டு என்பது வேடிக்கைதான்.

மறுசோதனை

சரிசெய்தோம் என்று தகவல் வந்ததும் அதே படிகளைத் திரும்பச் செய்து, ஒவ்வொரு குறைக்கும் நிலையும் தேதியும் போட வேண்டும்: சரியானது, பகுதி சரியானது, அப்படியே உள்ளது, ஆபத்து ஏற்கப்பட்டது. கடைசி நிலைக்கு ஏற்றுக்கொண்டவரின் பதவியும் காரணமும் வேண்டும். பழைய தீவிரத்தை அழித்துவிட்டுப் புதியதைப் போடாதீர்கள், இரண்டும் இருக்கட்டும்.

நம் பரிசோதனைக் கூடத்துக்கு ஏப்ரல் முதல் வாரத்தில் மறுசோதனை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓடிபி ஐந்து தவறில் செத்துவிடுகிறது. எண் 2 சரியானது. `/api/v1/reports/48214/pdf` இப்போது 404 தருகிறது. ஆனால் ரிசல்ட்டை வாட்ஸ்அப்பில் பகிரும் பொத்தான் `/api/v1/reports/48214/share` என்ற வேறு முகவரியைக் கூப்பிடுகிறது; அங்கே எண்ணை மாற்றினால் மற்றவரின் ரிசல்ட்டுக்கு இணைப்பு கிடைக்கிறது. எல்லா முகவரிகளிலும் என்று முதல் அறிக்கையிலேயே எழுதியிருந்ததால் இதைப் புதுக் குறையாகத் திறக்க வேண்டியதில்லை. எண் 1-க்கு எதிரே ‘பகுதி சரியானது’ என்று தேதியோடு போட்டு, புதிய முகவரியையும் இரண்டு வரிச் செய்முறையையும் சேர்த்து, பதிப்பு 1.1 என்று அனுப்பலாம். ஓடிபி வழி அடைபட்டுவிட்டதால் 8.2 என்ற கூட்டு மதிப்பெண் இனிப் பொருந்தாது. மீதமிருப்பது, ரத்தம் கொடுத்துக் கணக்கு பெற்ற ஒருவர் மற்றவரின் ரிசல்ட்டைப் பார்க்கலாம் என்ற 6.5. மேலாளர் இந்த முறை அதை எத்தனை நாளைக்குத் தள்ளிவைக்கலாம் என்று கேட்டால், அந்த ஒரு வரியை வைத்து அவரே முடிவெடுக்கலாம்.